விளக்கு புகைந்தால் எண்ணெய்தான் காரணமா?

கார்த்திகை மாதம் பிறந்தால் நம் சாத்தூர் கடைகளில் ஒரு புகார் தவறாமல் வரும். "அண்ணாச்சி, உங்க எண்ணெயில சாமி படமெல்லாம் கரி பிடிச்சிருச்சு" என்பார்கள். சில்லரைக் கடைக்காரர் பாட்டிலை வாங்கிக்கொள்வார். அது மொத்தக் கடையான நம்மிடம் திரும்பி வரும். அப்படி வந்த நல்லெண்ணெய் ஒன்றைக் கடையிலேயே ஏற்றிப் பார்த்தோம்.

அந்த அம்மாள் போட்ட திரியையும் கேட்டு வாங்கினோம். பென்சில் கனம் இருந்தது. இரண்டு அகல்களில் அதே எண்ணெயை ஊற்றி, ஒன்றில் அந்தத் திரியும் மற்றதில் தீக்குச்சி கனமுள்ள பருத்தித் திரியும் போட்டோம். இரண்டிலும் நுனி கால் அங்குலம்தான் வெளியே. சுடருக்கு ஒரு சாண் மேலே எவர்சில்வர் தட்டைப் பிடித்தோம். கனத்த திரிக்கு மேலே தட்டு கறுத்துவிட்டது. மற்றதில் விரலால் தேய்த்தால்தான் கரி தெரிந்தது.

காரணம் எளிது. திரி கனமானால் அதிக எண்ணெயை இழுக்கிறது, சுடர் பெரிதாகிறது. சுடரின் நடுவே போதுமான காற்று போய்ச் சேராததால் எண்ணெய் முழுதும் எரியாமல் கரியாக வெளியேறுகிறது. சுடரின் நுனி ஆடிக்கொண்டு, செம்மஞ்சளாகிப் புகை நூல்போல் எழுந்தால் திரி அதிகம் என்று அறியலாம். அப்போது திரியைச் சற்று உள்ளே இழுத்தாலே பாதிப் புகை அடங்கும். நுனியில் காளான்போல் கரி திரண்டால் கிள்ளிவிட வேண்டும்.

விளக்கெண்ணெய்க்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது நல்லெண்ணெயைவிடப் பத்து மடங்குக்கு மேல் கெட்டி. மெல்லிய திரியில் மெதுவாக ஏறுவதால் சுடர் சுருங்கித் திரியே கருகும். அதற்கு இரண்டு தீக்குச்சி கனம், அதிலும் இறுக முறுக்காத திரி வேண்டும். தேங்காய் எண்ணெய்க்கு நல்லெண்ணெய்த் திரியே போதும்.

திரி சரியாக இருந்தும் புகைந்தால்தான் எண்ணெயைச் சந்தேகிக்க வேண்டும். விலை மலிவான தீப எண்ணெய்கள் சிலவற்றில் பெட்ரோலிய வகை எண்ணெய் கலந்திருக்கும். சிம்னி இல்லாத மண்ணெண்ணெய் விளக்கு எப்படிப் புகையும் என்பது நமக்குத் தெரியாததா! பலகாரம் சுட்ட பழைய எண்ணெயும் ஆகாது. அதன் கசடு திரியை அடைத்துவிடும்.

திரி கொள்முதலிலும் ஏமாறக் கூடாது. கட்டுக்கு ஒரு திரியை எண்ணெய் தொடாமல் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல் மணந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் கலந்தது உருகி, ஆறியதும் கடினமான மணியாக நிற்கும். அந்தக் கட்டைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

இன்னொன்று. தீப எண்ணெய்ப் பாட்டிலைச் சமையல் நல்லெண்ணெய் வரிசையில் அடுக்காதீர்கள். நிறம் ஒன்றுபோல் இருப்பதால், அவசரத்தில் பையன் மாற்றி எடுத்துக் கொடுத்துவிடுவான். நம் கடையில் இப்போது அது கற்பூரம், ஊதுபத்தித் தட்டில்தான் இருக்கிறது.