வரி வரி இல்லாத பில்லும் ஒன்றரைக் கோடி எல்லையும்

மளிகைக் கடைக்காரர் 18 சதவீத வரியுள்ள ஒரு பொருளை ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினால், வரி 180 ரூபாயையும் சேர்த்துக் கொடுக்கிறார். ஜிஎஸ்டியின் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு அந்த 180 திரும்பி வராது. அது கொள்முதல் விலையோடு சேர்ந்துவிடும். அதை 1,280 ரூபாய்க்கு விற்றால் பில்லிலும் 1,280 என்றுதான் இருக்க வேண்டும். விற்பனைக்கு உரிய 1 சதவீதமான 12 ரூபாய் 80 பைசாவை அவர் தன் கையிலிருந்து கட்டுகிறார்.

அதனால் அவர் கொடுப்பது 'டேக்ஸ் இன்வாய்ஸ்' அல்ல, 'பில் ஆஃப் சப்ளை'. தான் காம்போசிஷனில் இருப்பவர், விற்பனைக்கு வரி வசூலிக்கத் தகுதியில்லாதவர் என்ற வாசகம் அதன் தலைப்பில் இருக்க வேண்டும். பில் போடும் மென்பொருளை வாங்கிய நிலையிலேயே ஓட்டினால், சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என இரண்டு வரிகள் தானாக அச்சாகிவிடக்கூடும். வாடிக்கையாளரிடம் அப்படி வசூலித்த தொகையைக் கடைக்காரர் வைத்துக்கொள்ள முடியாது. அரசுக்குக் கட்டியாக வேண்டும். முதல் பில்லை அச்சிட்டதும் அதை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்ப்பது நல்லது.

பில் எளிதாகிவிட்டது. எல்லைக் கணக்கு அவ்வளவு எளிதல்ல. தமிழ்நாட்டு வணிகருக்கு ஆண்டு விற்பனை வரம்பு 1.5 கோடி ரூபாய். வணிகர் 1 சதவீதம் கட்டுவது வரியுள்ள பொருள்களின் விற்பனைக்கு மட்டும்தான். ஆனால் வரம்பைக் கணக்கிடும்போது வரிவிலக்குள்ள காய்கறி, முட்டை, சில்லறையாக அளந்து கொடுக்கும் அரிசி எல்லாமே சேரும். அதே பான் எண்ணில் வேறு ஊரில் கிளை இருந்தால் அதன் விற்பனையும் சேரும்.

ஒரு கடையில் பிப்ரவரி முடிய வரியுள்ள விற்பனை 95 லட்சம், விலக்குள்ளவை 52 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். காலாண்டுதோறும் CMP-08 படிவத்தில் வரியுள்ள விற்பனையை மட்டும் மனதில் வைத்துக் கட்டி வந்தவர், 55 லட்சம் மிச்சமிருக்கிறது என்று நம்புவார். உண்மையில் மிச்சம் 3 லட்சம். மாதம் 13 லட்சத்துக்கு மேல் விற்கும் கடைக்கு அது ஒரு வாரம்கூடத் தாங்காது. காலாண்டுக் கணக்கு முடியும்வரை காத்திருந்தால் எல்லை எப்போதோ பின்னால் போயிருக்கும். மொத்த விற்பனையை மாதந்தோறும், 1.3 கோடியைத் தொட்ட பிறகு தினமும், கூட்டிப் பார்ப்பதே பாதுகாப்பு.

வரம்பைத் தாண்டிய அன்றே திட்டம் முடிந்துவிடுகிறது. ஆண்டு இறுதிவரை அவகாசம் கிடையாது. அன்றிலிருந்து வரியைக் காட்டும் டேக்ஸ் இன்வாய்ஸ் போட வேண்டும். ஏழு நாளுக்குள் CMP-04 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். கையிருப்புச் சரக்குக்குக் கட்டிய வரியை வரவு எடுக்கவும் வழி உண்டு. ஓராண்டுக்குள் வாங்கிய பில்கள் இருந்தால், 30 நாளுக்குள் ITC-01 தாக்கல் செய்யலாம். பழைய கொள்முதல் பில்லைக் கோப்பில் வைத்திருந்தவருக்குத்தான் அது கிடைக்கும்.