ஒலிபெருக்கி வாங்குமுன் அறங்காவலர்கள் பார்க்க வேண்டிய கணக்கு

கோயில் பிரசங்க மண்டபத்தில் பேசுவது பின்வரிசைக்குப் புரியவில்லை என்று புகார் வந்தால், நிர்வாகக் குழுவில் முதலில் எழும் யோசனை “பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்கிவிடலாம்” என்பதுதான். பெரும்பாலான மண்டபங்களில் இது தவறான செலவு. கேட்கவில்லை என்பது வேறு, புரியவில்லை என்பது வேறு. பின்வரிசையில் இருப்பவர்களுக்குச் சத்தம் காதை அடைக்கிற அளவுக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. சொல் மட்டும் வந்து சேர்வதில்லை. அறங்காவலர்களுக்கு எழுதும் செலவுத் திட்டம் இந்த வேறுபாட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

60 அடி நீளம், 40 அடி அகலம், 18 அடி உயரம் கொண்ட ஒரு மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். தரை கிரானைட், சுவர் சிமெண்டுப் பூச்சு, மேலே கான்கிரீட். இவை மூன்றும் ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புபவை. வெறும் மண்டபத்தில் ஓங்கி ஒரு கைதட்டினால், சன்னல்கள் திறந்திருந்தாலும் அந்த ஓசை முழுதாக அடங்க நான்கு விநாடிக்கு மேல் ஆகும். பேச்சு தெளிவாகக் கேட்க இந்த நேரம் ஒரு விநாடியை ஒட்டி இருப்பது நல்லது. ஒரு சொல்லின் எதிரொலி அடங்குவதற்குள் அடுத்த நாலைந்து சொற்கள் அதன்மேல் வந்து விழுவதால்தான் எல்லாம் குழம்பிப் போகிறது.

மனித உடலும் உடையும் ஒலியை நன்றாக உறிஞ்சும். இருநூறு பேர் நெருக்கி உட்காரும் விசேஷ நாளில் இதே மண்டபத்தில் எதிரொலி ஒன்றரை விநாடி அளவுக்குக் குறைந்துவிடும். நாற்பது பேர் மட்டும் வரும் சாதாரண மாலையில் அது மூன்று விநாடியைத் தாண்டும். “திருவிழாவில் நன்றாகக் கேட்டது, இப்போது செட் கெட்டுவிட்டது” என்று சொல்வது இதனால்தான். பல இடங்களில் கருவி பழுதாகியிருக்காது, கூட்டம்தான் குறைந்திருக்கும்.

இந்த நிலையில் 250 வாட் ஆம்ப்ளிஃபயரை எடுத்துவிட்டு 500 வாட் வைத்தால், கூடும் ஒலி வெறும் 3 டெசிபல். கூர்ந்து கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் வாட் பத்து மடங்காக வேண்டும். அப்படி ஏற்றினாலும் பேச்சோடு சேர்ந்து எதிரொலியும் அதே அளவு ஏறும். மாறாக, பேசுபவர் மைக்கை ஓர் அடியிலிருந்து அரை அடிக்குக் கொண்டுவந்தாலே 6 டெசிபல் கிடைக்கிறது. அதற்குச் செலவே இல்லை.

எனவே திட்டத்தில் கேட்க வேண்டியது ஒலி கேட்பவருக்குப் பக்கத்திலிருந்து, தாழ்ந்த அளவில் வருவதற்கான ஏற்பாடு. மேடையின் இரு பக்கமும் இரண்டு பெரிய பெட்டிகளை வைத்து முழு மண்டபத்துக்கும் அடிப்பதைவிட, பக்கச் சுவர்களில் இடைவெளி விட்டு காலம் ஸ்பீக்கர்களைப் பொருத்துவது மேல். உயரமும் ஒடுக்கமுமான இந்தப் பெட்டிகள் ஒலியைக் கூரைக்கும் தரைக்கும் சிதறவிடாமல் ஆட்களின் பக்கமாக அனுப்பும். தரையில் உட்காருபவர்களை நோக்கிச் சற்றே கீழே சாய்த்துப் பொருத்த வேண்டும். எந்த ஸ்பீக்கரும் மைக்குக்குப் பின்னால் நின்று அதன் முகத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் மைக் கூவும்.

இனி கொட்டேஷன். கடைக்காரர்களிடம் “எங்கள் மண்டபத்துக்கு என்ன ஆகும்?” என்று கேட்டால் மூன்று பேரும் மூன்று வெவ்வேறு பொருளுக்கு விலை சொல்வார்கள். ஒப்பிடவே முடியாது. மண்டபத்தின் அளவு, வேண்டிய மைக்குகள், ஸ்பீக்கர்கள் வரும் இடம், வயரிங், பொருத்துகூலி, வாரண்டி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி மூவருக்கும் அதையே கொடுக்க வேண்டும். அப்படியும் வந்துசேரும் தொகைகளைச் சமப்படுத்தாமல் கூட்டத்தில் வைக்கக் கூடாது.

முறை புரிவதற்காக ஓர் உதாரணம். இந்தத் தொகைகள் சந்தை விலை அல்ல. முதல் கடை 1,85,000 ரூபாய் என்கிறது. ஜிஎஸ்டி தனி, வயரிங் இல்லை. இரண்டாவது கடை வரி, வயரிங், மைக் எல்லாம் சேர்த்து 2,10,000. மூன்றாவது 1,48,000, வரி, வயரிங், மைக் மூன்றுமே தனி. மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றாவதுதான் மலிவு. வரி 18 சதவீதம் சேர்த்தால் அது 1,74,640 ஆகிறது. வயரிங் 25,000, மைக்குகள் 18,000 கூட்டினால் 2,17,640. முதல் கடையின் தொகை இதே வழியில் 2,43,300. கடைசியில் குறைந்த விலை இரண்டாவது கடையுடையது. இந்தக் கூட்டலைத் திட்டத்தோடு இணைத்துக் கொடுத்தால் கூட்டத்தில் பாதி வாக்குவாதம் குறையும். கொட்டேஷன் கொடுத்தவர் எவருக்காவது அறங்காவலர் உறவினர் என்றால், அதையும் திட்டத்திலேயே எழுதிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

இரண்டு லட்சம் இல்லாத கோயில் என்ன செய்யும்? எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். இருக்கிற ஆம்ப்ளிஃபயரை மெக்கானிக்கிடம் காட்டி, சரியாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். நான்கு காலம் ஸ்பீக்கர் 36,000, இரண்டு நல்ல வயர் மைக் 10,000, வயரிங்கும் கூலியும் 15,000, பின்சுவரிலும் பக்கச் சுவர்களிலும் கனத்த திரைச்சீலை 24,000 என்று வைத்தால் மொத்தம் 85,000. இதுவும் உதாரணக் கணக்கே. இதில் திரைச்சீலையைத்தான் முதலில் வெட்டிவிடுவார்கள். அதை வெட்டக் கூடாது. மடிப்பு மடிப்பாக, சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளித் தொங்கும் அறுநூறு சதுர அடி கனத்த துணி, நாற்பது பேர் வரும் மாலையின் எதிரொலியை மூன்று விநாடிக்கு மேலிருந்து இரண்டை ஒட்டி இறக்கிவிடும். எந்த ஆம்ப்ளிஃபயராலும் அது ஆகாது. மெல்லிய சேலைத் துணியால் பயன் இல்லை.

திருவிழாவுக்கும் சேர்த்து வாங்கிவிட நினைப்பது இன்னொரு வீண்செலவு. வெளிப் பிராகாரம் நிறைய ஆள் வருவது வருஷத்தில் சில நாள்தான். அந்த நாட்களுக்கு வாடகை செட் போதும். வாங்குவது தினசரிப் பிரசங்கத்துக்கு ஏற்றதாக இருக்கட்டும். வெளியே குழாய் ஸ்பீக்கர் கட்டுவதானால், 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி எழுத்துமூல அனுமதி வேண்டும். இரவு பத்து மணிக்குமேல் காலை ஆறு வரை திறந்தவெளியில் பொதுவாக அனுமதி இல்லை. வெளி ஸ்பீக்கருக்குத் தனிச் சுவிட்ச் வைக்கச் சொல்லுங்கள். உபயதாரர் பெரிய பெட்டிகளைத் தருவதாக முன்வந்தாலும், திட்டத்தில் உள்ள பொருளின் விலையைத் தரும்படி மரியாதையாகக் கேட்கலாம்.

ஆர்டர் கொடுக்குமுன் கடைக்காரர் இரண்டு ஸ்பீக்கர்களைக் கொண்டுவந்து மண்டபத்தில் காட்டட்டும். ஆள் குறைவான மாலையில், மலை, மழை, மனை, படம், பட்டம், பக்தன், பத்தன் போன்ற சொற்களை முன்பின் மாற்றி ஒருவர் மேடையில் வாசிக்க, கடைசி வரிசையில் வயதான இரண்டு பேர் கேட்டதை எழுதட்டும். அரைகுறையாக எழுதினால் அந்த ஏற்பாடு அங்கே உதவாது. இந்தச் சோதனையில் தேறிய ஏற்பாட்டுக்கே தீர்மானம் போடுங்கள். தொகையில் பத்தில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, பொருத்திய பிறகு ஒரு மாதம் மண்டபத்தில் பிரசங்கம் நடந்தபின் கொடுப்பதாக ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.