24ஆம் தேதி வருவேன், அதுவரை யாரைக் கேட்பது?

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம். ஆகஸ்ட் 19 புதன்கிழமை முதல் விடுப்பு. ஊருக்குப் பஸ் பிடிக்கும் அவசரத்தில் மின்னஞ்சலின் தானியங்கி பதிலில் இப்படித் தட்டிவிட்டுக் கிளம்புகிறீர்கள்:

"தங்கை திருமணத்துக்காக 23ஆம் தேதி வரை விடுப்பில் இருக்கிறேன். அவசரம் என்றால் அலுவலகத்தைத் தொடர்புகொள்ளவும். சிரமத்துக்கு வருந்துகிறேன்."

மரியாதைக்கு இதில் குறைவில்லை. ஆனால் வியாழக்கிழமை பில் அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் நூல் வியாபாரியின் இடத்தில் இருந்து படித்துப் பாருங்கள். 23 வரை என்றால் அன்றைக்கு ஆள் இருப்பாரா, மாட்டாரா? அலுவலகம் என்றால் அங்கே யார்? அனுப்பிய பில்லை வேறு யாராவது பார்ப்பார்களா, அல்லது 24ஆம் தேதி வரை அது அப்படியே கிடக்குமா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லை. கல்யாணச் சேதி மட்டும் இருக்கிறது. அது அவருக்குத் தேவையில்லை. தெரியாதவர்களுக்கும் இந்தப் பதில் தானாகப் போகும் என்பதால், வீட்டில் ஆள் இல்லை என்பதை ஊருக்கே அறிவிப்பதும் நல்லதல்ல.

அதையே இப்படி எழுதலாம்:

"வணக்கம். உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது. நான் விடுப்பில் இருக்கிறேன். ஆகஸ்ட் 24, திங்கட்கிழமை காலை பணிக்குத் திரும்புகிறேன். அதுவரை இந்தப் பெட்டியை யாரும் பார்ப்பதில்லை.
பில், பணம் தொடர்பாக: ரமணி, accounts@example.com
சரக்கு அனுப்புவது தொடர்பாக: செல்வம், dispatch@example.com
மற்றவற்றுக்கு 24ஆம் தேதிக்குப் பிறகு நானே பதில் எழுதுகிறேன். நன்றி."

விடுப்பு முடியும் நாளைச் சொல்லாமல் திரும்பி வரும் நாளைக் கிழமையோடு சொன்னதும் முதல் குழப்பம் போய்விட்டது. பெட்டியை யாரும் பார்ப்பதில்லை என்பது கொஞ்சம் கறாராகத் தோன்றலாம். ஆனால் அதைப் படித்தவர் வீணாகக் காத்திருக்காமல், பில்லை ரமணிக்கு அனுப்பிவிடுவார். எந்த வேலைக்கு யார் என்று பிரித்துச் சொன்னதால் சரக்கைப் பற்றிக் கேட்பவர் ரமணியைத் தொந்தரவு செய்ய மாட்டார். இரண்டு பேருக்கு மேல் போனால் யாரைக் கேட்பது என்ற குழப்பம் மறுபடி வந்துவிடும். கொடுத்திருப்பதும் பிரிவின் முகவரிதான். யாருடைய சொந்த செல்போன் எண்ணும் இல்லை.

ரமணியின் பெயரைப் போடுமுன் ரமணியிடம் கேட்கவேண்டும். சம்மதம் மட்டும் போதாது. நிலுவையில் இருக்கும் பில்கள் எந்தக் கோப்பில் இருக்கின்றன, பணம் அனுப்பக் கையெழுத்து போடும் அதிகாரம் யாருக்கு என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவரும் "அவர் வரட்டும்" என்றுதான் சொல்வார். இன்னொரு வம்பும் உண்டு. வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்கு ரமணிக்கும் பத்திரிகை வைத்திருப்பீர்கள். அவரும் அன்று லீவு போட்டு, தன் தானியங்கி பதிலில் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டால், நூல் வியாபாரி இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் பந்தாக உருள்வார். கல்யாணத்துக்கு வராத ஒருவரைப் பார்த்துப் பெயர் கொடுப்பது உத்தமம்.

ஜிமெயிலில் இதற்கான இடம் Settings பகுதியில் Vacation responder என்ற பெயரில் இருக்கிறது. அவுட்லுக்கில் Automatic Replies. ஜிமெயிலில் கடைசி நாள் கேட்கும் கட்டத்தில் 23 என்று போடவேண்டும். அன்றிரவு 11.59-க்குப் பதில் தானாக நின்றுவிடும். கடைசி நாளைப் போடாமல் விட்டால், வேலைக்கு வந்த பிறகும் நீங்கள் விடுப்பில் இருப்பதாகவே அது சொல்லிக்கொண்டிருக்கும். அவுட்லுக்கில் அலுவலகத்துக்குள் இருப்பவர்களுக்கு ஒன்று, வெளியாட்களுக்கு ஒன்று என இரண்டு பதில்கள் வைக்கும் வசதி உண்டு. கோப்பு எங்கே, எக்ஸ்டென்ஷன் எண் என்ன என்பதையெல்லாம் உள்ளே உள்ளவர்களுக்கு மட்டும் சொல்லிக்கொள்ளலாம்.

ஒரே ஆள் திரும்பத் திரும்ப எழுதினாலும் ஒவ்வொரு முறையும் பதில் போகாது. ஜிமெயில் நான்கு நாளுக்கு ஒருமுறைதான் அனுப்பும். ஆகவே அந்த ஒரு பதிலிலேயே வேண்டியது எல்லாம் இருந்தாக வேண்டும். பொருள் வரியிலேயே "ஆகஸ்ட் 24 அன்று திரும்புகிறேன்" என்று போட்டுவிட்டால், செல்போனில் பார்ப்பவருக்குப் பாதி விவரம் அங்கேயே கிடைத்துவிடும்.

கிளம்புமுன் வேறொரு முகவரியிலிருந்து உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். வந்த பதிலில் உள்ள இரண்டு முகவரிகளுக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். ரமணியும் செல்வமும் "வந்தது" என்று சொன்ன பிறகு பஸ் ஏறலாம்.