சிரஞ்சீவி பேரனுக்கு அப்பத்தா எழுதுவது

பேரன் கல்லூரி விடுதியில் சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். போனில் கேட்டால் "சாப்பிட்டேன், நல்லாருக்கேன்" என்பதற்கு மேல் வார்த்தை வராது. அப்பத்தாக்கள் கடிதம் எழுத வேண்டிய நேரம் அதுதான். எப்படி எழுதுவது என்பதற்கு நம்மிடம் பழைய முறை ஒன்று உண்டு.

தாளின் உச்சியில் 'உ' என்று பிள்ளையார் சுழி. முஸ்லிம் வீடுகளில் 786, கிறிஸ்தவ வீடுகளில் சிலுவை. வலப்பக்கம் ஊரும் தேதியும். அதற்குக் கீழே கடிதம் இப்படித் தொடங்கும்:

"சிரஞ்சீவி குமாருக்கு அப்பத்தா அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு எல்லாரும் சுகம். அங்கு உன் சுகத்துக்கும் படிப்புக்கும் பதில் போடவும். நிற்க."

முதலில் ஆசி, அடுத்து நம் வீட்டு நலம், அதன் பிறகே அவன் நலம். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. வெளியூரில் இருப்பவனுக்கு வீட்டிலிருந்து கடிதம் வந்தாலே யாருக்கு என்னவோ என்று மனது அடித்துக்கொள்ளும். துக்கச் செய்தி தபாலில் வந்துகொண்டிருந்த காலத்தில் அந்தப் பயம் இன்னும் அதிகம். 'எல்லாரும் சுகம்' என்பதை இரண்டாவது வரியிலேயே படித்துவிட்டால் மிச்சத்தை நிதானமாகப் படிக்கலாம்.

எழுதத் தெரியாத பாட்டிகளுக்குத் தபால்காரரோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோதான் எழுதிக் கொடுப்பார்கள். 'நிற்க' வரைக்கும் யாரையும் கேட்காமலே எழுதிவிடுவார்கள். அதன் பிறகுதான் பேனாவை நிறுத்தி, "சொல்லுங்க அப்பத்தா" என்பார்கள். அதற்கு மேல் வருவது முழுக்க அவர் பேச்சு. அது இப்படி இருக்கலாம்:

"தம்பி, விடுதிச் சோறு முதல் மாசம் வயித்துக்குச் சேராது. மோர் கிடைச்சா விடாதே. டப்பாவுல பருப்புப் பொடி வச்சிருக்கேன், ஈரக் கரண்டி போட்டியன்னா நாலு நாள்ல பூசணம் பிடிச்சிரும். நல்லெண்ணெய் பாட்டிலைப் பச்சைப் பையில உங்கம்மா துணியோட வச்சிட்டா, கசியுதான்னு பாரு. கூட இருக்குற பையனுக்கும் பொடி குடு. பெரிய பசங்க சீண்டுனா மறைக்காம வார்டன்கிட்டச் சொல்லு, அப்பாகிட்டயும் சொல்லு. செவலைப் பசு கன்னு போட்டிருக்கு, கிடாரி. மற்றவை நேரில். இப்படிக்கு, உன் அப்பத்தா."

இதில் 'நன்றாகப் படி', 'கெட்ட சகவாசம் வேண்டாம்' என்ற வரிகள் இல்லாததைக் கவனியுங்கள். அவற்றை எந்த வீட்டுப் பேரனுக்கும் எழுதலாம். அதனாலேயே எந்தப் பேரனும் படிக்க மாட்டான். பொடி டப்பாவும் செவலைப் பசுவும் இவனுக்கு மட்டும் உரியவை. புத்திமதி ஒன்றிரண்டோடு நிற்பது நல்லது. சீண்டல் பற்றிய வரி மட்டும் கட்டாயம் வேண்டும். தமிழ்நாட்டில் 1997 முதலே ராகிங் தடைச் சட்டம் இருக்கிறது. வார்டனிடம் சொல்லத் தயங்கும் பையன் 1800-180-5522 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் புகார் சொல்லலாம். யாரையாவது விட்டு அந்த எண்ணையும் கடிதத்தின் ஓரத்தில் எழுதிவிடச் சொல்லுங்கள்.

இவ்வளவும் எழுதிய பிறகு கடிதம் கெட்டுப்போகிற இடம் ஒன்று உண்டு: முகவரி. வீட்டில் அவன் குட்டி, தம்பி, பெரியவன். உறையிலும் 'சி. குட்டிக்கு' என்று எழுதினால் இருநூறு பிள்ளைகள் இருக்கிற விடுதியில் அது யாரென்று யாருக்குத் தெரியும்? அலுவலக மேசையில் கிடந்து தூசி படியும். உள்ளே குட்டி என்றே கூப்பிடுங்கள். வெளியே சான்றிதழில் உள்ள பெயர், இனிஷியல், எந்த ஆண்டு, எந்தப் பிரிவு, விடுதிப் பெயர், அறை எண், ஊர், ஆறு இலக்கப் பின்கோடு எல்லாம் வேண்டும். அனுப்புநர் முகவரியையும் விட்டுவிடாதீர்கள். ஆள் அறை மாறிப் போயிருந்தால் கடிதம் திரும்பி வர அது ஒன்றுதான் வழி.

இன்னொன்று. இன்லேண்ட் கடிதத்துக்குள் எதையும் வைக்கக்கூடாது என்பது தபால் விதி. குலசாமி திருநீறு மடித்து அனுப்ப ஆசை இருந்தால் தபால் உறை வாங்கிக்கொள்ளுங்கள். ரூபாய் நோட்டை மட்டும் எதிலும் வைக்காதீர்கள். செலவுக்குப் பணத்தை அவன் வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள்.

பேரன் பெட்டி கட்டும்போதே விடுதி முகவரியை அவன் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அறை எண் அப்போது தெரியாது. அதைப் போனில் கேட்டுச் சேர்த்துக்கொண்டால் போதும்.