ஒன்பது படிகளில் ஒரு பாடம்: விளக்கத்துக்கும் பரீட்சைக்கும் இடையில் விடுபடுவது என்ன?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பள்ளிக்கூடம் விட்டதும் ரியூசன் வகுப்புகள் தொடங்குகின்றன. இரண்டு இடத்திலும் பெரும்பாலும் ஒரே வரிசைதான்: ஆசிரியர் பலகையில் விளக்குகிறார், பிள்ளைகள் கொப்பியில் எழுதுகிறார்கள், பிறகு கடந்தகால வினாத்தாள் வருகிறது. விளக்கத்துக்கும் வினாத்தாளுக்கும் இடையே நடக்க வேண்டியவை பல. அவை விடுபடும்போது, வகுப்பில் விளங்கிய கணக்கு பரீட்சையில் வராமல் போகிறது. அந்த இடைவெளியில் என்ன இருக்க வேண்டும் என்பதை வரிசைப்படுத்தியவர் அமெரிக்க உளவியலாளர் ரொபேர்ட் கான்யே (1916–2002). இரண்டாம் உலகப் போரின்போது விமானப்படையினரின் தேர்விலும் பயிற்சியிலும் பணியாற்றிய அவர், திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது மட்டும் நல்ல பயிற்சியாகாது என்று 1962இல் எழுதினார். ஒரு திறனுக்கு அடியில் எந்தச் சிறு திறன்கள் இருக்கின்றன என்று பிரித்தறிந்து, அவற்றை ஒழுங்காகக் கற்பிப்பதே முக்கியம் என்பது அவர் வாதம். 1965இல் வெளிவந்த ‘கற்றலின் நிபந்தனைகள்’ என்ற அவருடைய நூலின் வழியாக வளர்ந்ததே இன்று ஆசிரியர் பயிற்சிகளில் பேசப்படும் ஒன்பது படிகள்.

கவனத்தை ஈர்த்தல், நோக்கத்தைச் சொல்லுதல், முன்னறிவை நினைவூட்டல், புதிய விடயத்தை முன்வைத்தல், வழிகாட்டல், மாணவரைச் செய்ய வைத்தல், பின்னூட்டம் அளித்தல், மதிப்பிடுதல், நிலைநிறுத்திப் பிற இடங்களிலும் பயன்படுத்தச் செய்தல் என்பன அவை. இவற்றைச் சம அளவில் நிரப்ப வேண்டிய ஒன்பது கட்டங்களாகப் பார்ப்பதுதான் முதல் தவறு. பாடத்தின் எடை ஆறாம், ஏழாம் படிகளில் இருக்கிறது. முதல் ஐந்தும் மாணவரை அங்கே கொண்டுவருகின்றன. கடைசி இரண்டும் அங்கே நடந்தது உண்மையா, நிலைக்குமா என்று பார்க்கின்றன.

தரம் 9 அளவிலான ஒரு கணிதப் பாடத்தை, நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்றுக்குள் வைத்துப் பார்ப்போம். காலி வீதிப் புடைவைக்கடையில் 4000 ரூபாச் சேலைக்கு 20 சதவீதக் கழிவு, காசாளரிடம் மேலும் 10 சதவீதக் கழிவு. இறுதி விலை என்ன? ஆசிரியர் விடை சொல்லாமல் எல்லோரையும் ஊகித்து எழுதச் சொல்கிறார். கவனத்தை ஈர்ப்பது இந்தக் கேள்வியே. பலர் இரண்டையும் கூட்டி 2800 என்று எழுதுவார்கள். அடுத்து நோக்கம்: “இந்தப் பாடம் முடியும்போது, அடுத்தடுத்து வரும் இரண்டு கழிவுகளுக்கு இறுதி விலையைக் கணிப்பீர்கள், கழிவுகளைக் கூட்டினால் ஏன் பிழைக்கிறது என்றும் சொல்வீர்கள்.” ‘சதவீதத்தை விளங்கிக்கொள்வர்’ என்று எழுதியிருந்தால் அது நடந்ததா என்று யாராலும் பார்க்க முடியாது. முன்னறிவுக்கு இரண்டு கேள்விகள் போதும்: 4000இன் 10 சதவீதம் என்ன, 3200இன் 10 சதவீதம் என்ன? இங்கே தடுமாறும் பிள்ளைக்கு மேலே எதைச் சொன்னாலும் பயனில்லை. இந்த மூன்று படிகளும் ஏழெட்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

பிறகுதான் விளக்கம். முதற் கழிவு 800, மீதி 3200. இரண்டாவது கழிவு 3200இல் எடுக்கப்படுவதால் 320, விலை 2880. மொத்தக் கழிவு 30 அல்ல, 28 சதவீதம். வழிகாட்டல் என்பது இதையே இன்னும் உரக்கச் சொல்வதல்ல. ‘எதன் மீது?’ என்று தலைப்பிட்ட ஒரு நிரலைப் பலகையில் வரைந்து, ஒவ்வொரு கழிவுக்கும் அது எந்தத் தொகையில் எடுக்கப்பட்டது என்று பிள்ளைகளையே நிரப்ப வைப்பதுதான் வழிகாட்டல். நான்காம், ஐந்தாம் படிகளுக்குச் சேர்த்துப் பன்னிரண்டு நிமிடம் போதும்.

இப்போது ஆறாம் படி. 6000 ரூபாப் பொருளுக்கு 25 சதவீதம், பிறகு 20 சதவீதம். எல்லோரும் தனியே செய்து, விடையைப் பெரிதாக எழுதிக் கொப்பியை உயர்த்த வேண்டும். சரியான விடை 3600. 3300 என்று காட்டுபவர் இரண்டு கழிவையும் 6000இலேயே எடுத்திருக்கிறார். 4200 என்று காட்டுபவர் இரண்டாவது கழிவை, முதலில் கழிக்கப்பட்ட தொகையான 1500இல் எடுத்திருக்கிறார். இரண்டும் வெவ்வேறு தவறுகள் என்பதால் ஏழாம் படியில் சொல்ல வேண்டியதும் வேறுபடும். ‘பிழை, திரும்பச் செய்’ என்பது பின்னூட்டமல்ல. “இருபது சதவீதம் எந்தத் தொகையில் எடுத்தாய்?” என்று முதலாமவரிடமும், “முதற் கழிவுக்குப் பிறகு வாங்குபவர் கொடுக்க வேண்டியது எவ்வளவு?” என்று இரண்டாமவரிடமும் கேட்பதே பின்னூட்டம். இந்த இரண்டு படிகளுக்கும் பதினைந்து நிமிடம் ஒதுக்க வேண்டும். அதன் பிறகு, 2500 ரூபாவுக்கு 10, மீண்டும் 10 சதவீதம் என்ற கணக்கை உதவியில்லாமல் செய்ய வைப்பது எட்டாம் படி. 2025 என்று வந்தால் கற்றல் நடந்திருக்கிறது.

செய்ய வைப்பதற்கு ஏன் இவ்வளவு நேரம்? ரோடிகர், கார்ப்பிக்கி என்ற ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட பரிசோதனை இதற்கு நல்ல சான்று. ஒரு பகுதியை மீண்டும் படித்தவர்கள், ஐந்து நிமிடத்தின் பின் கேட்டபோது கூடுதலாக நினைவு வைத்திருந்தார்கள். ஒரு வாரத்தின் பின் கேட்டபோதோ, மீண்டும் படிப்பதற்குப் பதிலாக நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். பாடம் முடிந்த கையோடு “விளங்கியதா?” என்று கேட்டு வரும் ‘ஓம்’ ஏன் நம்பத்தகாதது என்பதை இது காட்டுகிறது. அந்தக் கணத்தில் பிள்ளை பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணம் அடுத்த வாரத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

ஒன்பதாம் படி தானாக நடக்கும் என்று எண்ணுவதும் தவறு. கிக், ஹோலியோக் என்ற இருவர் 1980இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கோட்டையைத் தாக்கப் படையைப் பல வழிகளில் பிரித்தனுப்பிய தளபதியின் கதையைப் படித்தவர்களுக்கு, கதிர்களால் கட்டியை அழிக்கும் மருத்துவப் பிரச்சினை ஒன்று கொடுக்கப்பட்டது. தீர்வின் அமைப்பு ஒன்றே. அப்படியிருந்தும் ‘கதை உதவும்’ என்று சொல்லப்பட்ட பிறகுதான் பெரும்பாலோர் அதைப் பயன்படுத்தினர். எனவே நம் பாடத்தின் கடைசிக் கேள்வியில் கழிவு என்ற சொல்லே இருக்கக் கூடாது: 4000 ரூபாப் பொருளின் விலை 20 சதவீதம் ஏறி, பிறகு 20 சதவீதம் இறங்கினால் பழைய விலையா? இல்லை, 3840. ‘எதன் மீது?’ என்ற அதே கேள்விதான் இங்கும். ஒரு வாரத்தின் பின் வேறு கணக்குகளோடு கலந்து இதே வகைக் கணக்கு இன்னொன்று வர வேண்டும்.

இது ஆசிரியரை இயந்திரமாக்கும் என்று சிலர் சொல்வர். வரிசை மாறலாம், சில படிகள் தேவைப்படாமலும் போகலாம் என்பதைக் கான்யேயே ஏற்றிருந்தார். தேர்ந்த மாணவர் பல படிகளைத் தமக்குத் தாமே செய்துகொள்கிறார். 2007 சீர்திருத்தத்துடன் வந்த ‘ஐந்து ஈ’ மாதிரி நம்மிடம் இருக்கிறதே என்பது இன்னொரு கேள்வி. மாணவரை ஈடுபடுத்தி, தாமே கண்டறியச் செய்து, பிறகு விளக்கத்துக்குப் போவது அது. ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை. கண்டறியும் பாடத்திலும் முன்னறிவைச் சோதிப்பதும், தவறுக்கேற்ற பின்னூட்டமும் வேண்டும். ஆனால் எல்லை ஒன்று உண்மையில் உண்டு. சரி, பிழை தெளிவாகத் தெரியும் திறன்களுக்கு இந்த வரிசை நன்றாகப் பொருந்தும். ஒரு கவிதையை நயப்பதற்கு அதே இறுக்கத்தோடு பொருந்தாது; அங்கே ஒற்றை விடையை முன்கூட்டியே நோக்கமாக எழுதினால் வாசிப்பு சுருங்கிவிடும்.

மிகவும் வலுவான மறுப்பு நேரம் பற்றியது. பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும், வகுப்பில் நாற்பது பேர், ரியூசனில் அதைவிடக் கூட. ஆனால் கொப்பியை உயர்த்தச் சொல்வதற்கு ஆட்தொகை தடையல்ல; பெரிய வகுப்பிலும் தவறுகள் பெரும்பாலும் இரண்டு மூன்று வகைக்குள் அடங்கும், வகைக்கு ஒரு பதில் போதும். நேரத்தை விளக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். அதற்கு நடைமுறை வழி, பாடக்குறிப்பை முதற்படியிலிருந்து எழுதாமல் ஆறாம் படியிலிருந்து எழுதுவது: பிள்ளை தனியே செய்ய வேண்டிய கணக்கு எது, அதில் எந்தெந்தப் பிழையான விடைகள் வரும், ஒவ்வொன்றுக்கும் என்ன கேட்பது? இந்த மூன்றுக்கும் பதில் எழுதிய பிறகு, விளக்கத்தில் எது வேண்டும், எதை விடலாம் என்பது தெரிந்துவிடும்.