‘நாளைக்கு ரத்தம் வேணும்’ என்றால் எந்த நாளைக்கு?

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் ஒருவருக்கு அறுவை சிகிச்சை, ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பதற்றத்தில் இருக்கும் மகன் வாட்ஸ்அப்பில் மைக்கை அழுத்திப் பேசுகிறார்: “எல்லாருக்கும் வணக்கங்க, எங்கப்பாவுக்குத் திடீர்னு முடியாம போச்சு...” ஐம்பது விநாடி போகிறது. ரத்த வகை நாற்பதாவது விநாடியில்தான் வருகிறது.

பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருபவரின் போன் திரையில் தெரிவதோ ஒரு மைக் படமும் நேரமும் மட்டுமே. இறங்கிய பிறகு கேட்கலாம் என்று விட்டுவிடுவார். கேட்பவருக்கும் சிக்கல்தான். பேனா தேடி எடுப்பதற்குள் எண்ணின் பாதி ஓடிவிடும். அதே எண் எழுத்தில் வந்திருந்தால், விரல் வைத்ததும் அழைப்பு போயிருக்கும்.

எனவே அதை இப்படி அனுப்பலாம்: “ஓ நெகட்டிவ் ரத்தம் 2 யூனிட். ஆகஸ்ட் 14 காலை 10 மணிக்குள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை ரத்த வங்கி.” அடுத்த வரியில் நோயாளியின் பெயர், அழைக்க வேண்டிய எண். திரையில் முதலில் எட்டிப்பார்ப்பது ஓரிரு வரிதான் என்பதால், ரத்த வகை முதல் சொல்லாகவே இருக்க வேண்டும். வணக்கத்தைக் கடைசியில் வைத்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

தேதிதான் பலர் கோட்டைவிடும் இடம். ‘நாளை வேண்டும்’ என்று எழுதியதை ஒருவர் மூன்று நாள் கழித்துப் பகிர்ந்தாலும், பெறுபவருக்கு அது பகிரப்பட்ட நேரம்தான் தெரியும், முதலில் எழுதிய நாள் தெரியாது. அந்த ‘நாளை’ வாரக்கணக்கில் நாளையாகவே சுற்றும். நோயாளி வீடு திரும்பிய பிறகும் அழைப்புகள் வந்துகொண்டே இருப்பது இதனால்தான். ரத்தம் கிடைத்ததும் அதே குழுக்களில் ‘கிடைத்துவிட்டது, இனி பகிர வேண்டாம்’ என்று ஒரு வரி போட வேண்டும். முதல் செய்தியை அழித்தாலும், பிறர் பகிர்ந்த நகல்கள் அழியாது.

எழுத்துக்கும் எல்லை உண்டு. சாதாரண எஸ்எம்எஸ் ஒன்றில் ஆங்கில எழுத்துகள் 160 அடங்கும். தமிழில் 70 குறியீடுகள்தான். ‘கி’ போன்ற ஓர் எழுத்தே இரண்டு குறியீடு என்பதால் நீளமான தமிழ்ச் செய்தி இரண்டு மூன்றாக உடைந்து போகும். அங்கே வகை, இடம், நாள், எண் போதும்.

மறுநாள் அத்தைக்கு அப்பாவின் நிலையைச் சொல்லும்போது கதை வேறு. “அப்பா கண் முழிச்சிட்டாருங்க அத்தை, உங்களைத்தான் கேட்டார்” என்பதை அவர் மகனின் குரலில் கேட்கத்தான் விரும்புவார். அதில் குறித்துக்கொள்ள எண் எதுவும் இல்லை. வெளியூர் அண்ணனுக்கோ மருத்துவர் சொன்ன மருந்துகள், அடுத்த பரிசோதனை, செலவு என எல்லாம் தெரிய வேண்டும். இரவு உட்கார்ந்து நிதானமாக நீளமாக எழுதி அனுப்பினால், அடுத்த மருத்துவரைப் பார்க்கும்போது அவர் அதைத் திறந்துவைத்தே பேசலாம்.