தேயிலைத் தினம் டிசம்பரிலா, மே மாதத்திலா?

கோலா தெர்லா வட்டாரத்தில் வளரும் பிள்ளைகளுக்குத் தேயிலை வெறும் பாடநூல் செய்தி அன்று. தாத்தாவோ பாட்டியோ கொழுந்து பறித்த குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. அதனால் அனைத்துலகத் தேயிலைத் தினத்தைப் பற்றி எழுதச் சொன்னால் மாணவர்கள் ஆர்வத்தோடு எழுதுகிறார்கள். அந்தக் கட்டுரைகளைத் திருத்தும்போது ஒரு குழப்பத்தை அடிக்கடி காண்கிறேன். ஒருவர் டிசம்பர் 15 என்கிறார். மற்றொருவர் மே 21 என்கிறார். கேட்டால் இருவருமே, “இணையத்தில் பார்த்தேன், ஆசிரியர்” என்கிறார்கள்.

இருவரும் பார்த்தது உண்மைதான். தேதி இரண்டானது ஏன் என்று தெரிந்துகொண்டால் குழப்பம் தீரும்.

டிசம்பர் 15தான் மூத்தது. தேயிலை விளையும் நாடுகளின் தொழிற்சங்கங்களும் சிறு தோட்டக்காரர்களும் சேர்ந்து தொடங்கிய நாள் அது. 2005-இல் புதுடில்லியிலும் அடுத்த ஆண்டு இலங்கையிலும் அதை அனுசரித்தார்கள். தொழிலாளரின் கூலி, கொழுந்துக்குக் கிடைக்கும் விலை ஆகியவையே அதன் மையம். எந்த அரசும் அதை அறிவிக்கவில்லை.

மே 21 வேறு வழியில் வந்தது. ஐ.நா.வின் உணவு, விவசாய நிறுவனத்தில் தேயிலைக்கென அரசுகளுக்கு இடையிலான குழு ஒன்று இருக்கிறது. 2015-இல் இந்தியா அந்தக் குழுவில் இந்த யோசனையை முன்வைத்தது. குழுவின் பரிந்துரை ஐ.நா. பொதுச் சபைக்குப் போய், 2019 டிசம்பரில் தீர்மானமாக நிறைவேறியது. முதன்முதலாக 2020 மே 21-இல் அந்த நாள் அனுசரிக்கப்பட்டது. தேயிலை விளையும் பல நாடுகளில் தரமான கொழுந்துப் பருவம் மே மாதத்தில் தொடங்குவதே அதற்குச் சொல்லப்படும் காரணம். ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கேமரன் மலைக்கு மே ஒரு தனிப் பருவம் அன்று. ஓர் அனைத்துலக நாளின் தேதி எல்லா ஊருக்கும் பொருந்தி வரவேண்டும் என்பதில்லை.

சரியான தேதியை நீங்களே எப்படி உறுதிப்படுத்துவது? முதலில் un.org/en/observances என்ற பக்கத்துக்குச் சென்று, அனைத்துலக நாள்களின் பட்டியலைத் திறந்து, நாளின் பெயரைத் தேடுங்கள். பெயருக்குப் பக்கத்தில் தீர்மான எண் இருக்கும். தேயிலைத் தினத்தின் எண் A/RES/74/241. இதில் 74 என்பது பொதுச் சபையின் கூட்டத்தொடர் எண். அதோடு 1945-ஐக் கூட்டினால் 2019 வரும். அந்தக் கூட்டத்தொடர் தொடங்கிய ஆண்டு அதுவே. 241 என்பது அந்தத் தொடரில் தீர்மானத்தின் வரிசை எண்.

அடுத்து, தீர்மானத்தையே திறந்து பாருங்கள். முன்னுரைப் பத்திகள் நீளமாக இருக்கும். அவற்றைத் தாண்டி Decides என்று தொடங்கும் வரிக்குப் போனால் தேதி கிடைக்கும். ஐந்து நிமிட வேலைதான்.

புலனத்தில் வரும் வாழ்த்துப் படங்களையும் பழைய பக்கங்களையும் பார்க்கும்போது, அவை எந்த ஆண்டில் எழுதப்பட்டவை என்று கவனியுங்கள். 2019-க்கு முன் எழுதிய பக்கத்தில் டிசம்பர் 15 என்று மட்டும் இருந்தால், எழுதிய நாளில் அது சரியே. “ஐ.நா. அறிவித்த டிசம்பர் 15” என்று இருந்தால் அது தவறு, சங்கங்களின் தேதியையும் ஐ.நா.வின் பெயரையும் யாரோ ஒட்டவைத்திருக்கிறார்கள்.

ஒரு நாள் ஐ.நா. பட்டியலில் இல்லை என்பதால் அது பொய் நாள் ஆகிவிடாது. அதை அறிவித்தவர் வேறொருவர், அவ்வளவே. ஆசிரியர் தினத்தைப் பாருங்கள். மலேசியாவில் மே 16. 1956-இல் அதே நாளில் ரசாக் அறிக்கை கூட்டரசு சட்டமன்றத்தில் ஏற்கப்பட்டதை ஒட்டியது. இந்தியாவில் செப்டம்பர் 5. உலக ஆசிரியர் தினமோ அக்டோபர் 5. தமிழ்நாட்டு இணையப் பக்கத்திலிருந்து தேதியை எடுத்து நம் பள்ளிப் பலகையில் எழுதினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சில நாள்களுக்கு நிலையான தேதியே கிடையாது. யுனெஸ்கோவின் உலகத் தத்துவ தினம் நவம்பர் மாத மூன்றாம் வியாழக்கிழமையில் வரும். சென்ற ஆண்டுத் தேதியை அப்படியே எழுதினால் பிழையாகிவிடும். இப்படிப்பட்ட நாள்களுக்கு அந்த ஆண்டின் நாள்காட்டியைப் பார்த்துக் கிழமையை எண்ணிக்கொள்ள வேண்டும்.

எனவே, தேதியோடு அறிவித்தவரின் பெயரையும் எழுதச் சொல்கிறேன். “தேயிலைத் தொழிற்சங்கங்கள் 2005 முதல் டிசம்பர் 15-ஐயும், ஐ.நா. 2020 முதல் மே 21-ஐயும் தேயிலைத் தினமாக அனுசரிக்கின்றன” என்று எழுதினால் அந்த வரியில் பிழை இருக்காது. கூலிக்காகக் குரல் கொடுத்தவர்கள் தேர்ந்தெடுத்த நாளும் அதில் மறைந்துபோகாது.